வாடகைப் பற்றுச்சீட்டில் எந்தத் தொகையை எழுதுவது?

கண்டி டவுனில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலர் இப்போது கட்டுகஸ்தோட்டை, மடவளை, அக்குறணைப் பக்கங்களில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சில தனியார் கம்பனிகள் வீட்டு வாடகைக் கொடுப்பனவு தருகின்றன. அதற்கு மாதாமாதம் பற்றுச்சீட்டும், வருடத்துக்கு ஒருமுறை பிரகடனமும் கேட்பார்கள். கடிதம் எழுத ஒருவர் வேண்டுமென்றால் ஊரில் ஆசிரியரிடம்தானே வருவார்கள். அப்படி எங்களிடம் வந்த ஒரு விஷயத்தை, பெயரில்லாமல், இங்கே எழுதுகிறோம். மற்றவர்களுக்கும் உதவும்.

வந்தவர் எங்களிடம் படித்த தம்பி. கட்டுகஸ்தோட்டையில் வீடு, மாத வாடகை 35,000 ரூபா. ஜனவரியில் குடிபோகும்போது 84,000 ரூபா முற்பணம் கொடுத்திருக்கிறார். நம் பக்கத்து வழக்கப்படி அந்த முற்பணம் மாதம் 7,000 வீதம் 12 மாதத்தில் கழியும். ஆகவே மாதம் கையில் கொடுப்பது 28,000. கம்பனி தரும் கொடுப்பனவு, வாடகையைப் பார்த்து, ஆகக்கூடியது 30,000.

சிக்கல் இதுதான். பற்றுச்சீட்டில் 28,000 என்று மட்டும் எழுதினால் தம்பிக்கு மாதம் 2,000 ரூபா குறையும். 35,000 பெற்றுக்கொண்டேன் என்று எழுதச் சொன்னால் வீட்டுக்கார மாத்தயா மறுக்கிறார். “எனக்குக் கிடைச்சது 28,000 தானே, நான் எப்படி 35,000 எண்டு கையெழுத்து வைக்கிறது?” என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வாடகை 35,000 என்பது உண்மை, இந்த மாதம் கைமாறியது 28,000 என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தொகையாக எழுதப் போவதால்தான் பிரச்சினை வருகிறது. இரண்டையும் பிரித்து எழுதினால் முடிந்தது.

ஜூன் மாதத்துக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த வாசகம் இது:

“கண்டி மாநகர சபை எல்லைக்குள், கட்டுகஸ்தோட்டையில் உள்ள (வரிமதிப்பீட்டு இலக்கம், வீதி) எனது வீட்டின் ஜூன் மாத வாடகை ரூபா 35,000. இதில் ரூபா 28,000ஐ வாடகைக்கு இருப்பவரான (பெயர், அடையாள அட்டை இலக்கம்) இடமிருந்து இன்று காசாகப் பெற்றுக்கொண்டேன். மீதி ரூபா 7,000, ஜனவரியில் நான் பெற்ற முற்பணம் ரூபா 84,000இல் கழிக்கப்பட்டது. கழித்தபின் முற்பண மீதி ரூபா 42,000.”

கீழே வீட்டுக்காரரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, காசு வாங்கிய அன்றைய திகதி. வங்கியில் போட்டால் “காசாக” என்பதை மாற்றி வங்கிக் கணக்குக்கு வந்தது என்று எழுதவேண்டும். பெற்ற தொகை 25,000 ரூபாவுக்கு மேல் என்பதால் 25 ரூபா முத்திரை ஒட்டி, அதன்மேல் படும்படி கையெழுத்து வைக்கவேண்டும்.

கடைசி வரியான முற்பண மீதியை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் கணக்குப் பிரிவில் இருப்பவர் ஆறு மாதம், ஆறு ஏழு நாற்பத்திரண்டு என்று ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். வீடு விடும்போது வீட்டுக்காரரோடு வாக்குவாதமும் வராது. இன்னொன்று, ஜனவரியில் கொடுத்த 84,000க்கான பற்றுச்சீட்டை வாடகைப் பற்றுச்சீட்டாகக் கம்பனிக்குக் கொடுக்கக் கூடாது. அதே காசு பிறகு மாதம் 7,000 ஆக மறுபடி கணக்கில் வருகிறது. ஒரே காசுக்கு இரண்டு முறை கேட்டதாகிவிடும். திருப்பித் தரும் வைப்புப் பணமாக இருந்தால் அது வாடகையே இல்லை, பற்றுச்சீட்டின் வாடகைத் தொகையில் அது சேராது. கரண்ட் பில், தண்ணீர் பில் காசும் அப்படித்தான்.

மாத்தயாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. கையெழுத்து வைத்தால் வருமான வரிக்காரர் வருவார்களோ என்று. இந்தப் பயத்தில்தான் பல வீட்டுக்காரர்கள் தொகையைக் குறைத்து எழுதச் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினோம். வருட வாடகை 420,000. வாடகை வருமானத்தில் 25 சதவீதம், அதாவது 105,000, கழிவு உண்டு. மீதி 315,000. 2025 ஏப்ரல் முதல் தனிநபர் விடுவிப்பு வருடத்துக்கு 1,800,000 ரூபா. மற்ற வருமானத்தையும் சேர்த்து அந்த எல்லையைத் தாண்டினால்தான் வரி. தாண்டுபவருக்கு வரி கட்டவேண்டியது பற்றுச்சீட்டால் அல்ல, வாடகை வாங்குவதால். இதைக் கேட்டபின் மாத்தயா முகம் மாறியது.

தம்பி வேறு ஒரு படிவத்தை இணையத்தில் எடுத்து வந்திருந்தார். அது இந்தியாவுக்குரியது. அங்கே வாடகைப் பற்றுச்சீட்டைக் காட்டினால் சம்பள வரியில் சலுகை உண்டு. அதனால்தான் அந்தப் படிவங்களில் ஒரு ரூபா முத்திரை, வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் ‘பான்’ இலக்கம் எல்லாம் கேட்கிறார்கள். நம் நாட்டில் காசாகத் தரும் வாடகைக் கொடுப்பனவு சம்பள வருமானத்தோடு சேரும், பற்றுச்சீட்டு காட்டுவதால் வரி குறையாது. தம்பியின் சம்பளமும் கொடுப்பனவும் சேர்ந்து மாதம் 150,000க்குக் கீழே என்பதால் அவருக்கு வரி இல்லை. அவர் பற்றுச்சீட்டு கொடுப்பது கம்பனியின் விதிக்காக மட்டும். ஆகவே கம்பனி கேட்பதைப் பார்த்து எழுதினால் போதும்.

அடுத்தது பிரகடனம். அச்சடித்த படிவத்தில் ஒரு வரி இருந்தது: “எனக்கோ என் துணைக்கோ இலங்கையில் எங்கும் சொந்த வீடு இல்லை.” தம்பி கையெழுத்து வைக்கப் போனார். மாத்தளையில் மனைவியின் வாப்பா வீட்டைப் பற்றிக் கேட்டோம். “அது மச்சான் இருக்கிற வீடு சேர்” என்றார். மச்சான் இருந்தாலும் மனைவிக்கு அதில் பங்கு இருக்கிறது. அந்த வரி அவருக்கு உண்மையல்ல. நம் குடும்பங்களில் இது நிறையப் பேருக்கு வரும், ஏனென்றால் மவுத்தான பெற்றோரின் வீடு பிரிக்காமலே கிடக்கும், அல்லது வீடு மனைவியின் பெயரில் இருக்கும். அந்த வரியை வெட்டி, ஓரத்தில் கையெழுத்து வைத்து, இப்படி எழுதினோம்:

“எனது பெயரில் வீடு இல்லை. மாத்தளையில் எனது மனைவியின் தந்தை விட்டுச்சென்ற வீட்டில் அவருக்குப் பிரிக்கப்படாத பங்கு உண்டு. அதில் அவருடைய சகோதரர் குடியிருக்கிறார். நாங்கள் அங்கு குடியிருக்கவில்லை, அதிலிருந்து வாடகை பெறுவதுமில்லை. வீட்டுக்காரர் எனக்கோ என் மனைவிக்கோ உறவினர் அல்ல. வீடு மாறினாலோ வாடகை மாறினாலோ அறிவிப்பேன்.”

கொடுக்குமுன் மனிதவளப் பிரிவில் வாயால் ஒருமுறை கேட்கச் சொன்னோம். கண்டிக்குள் வீடு இருந்தால்தான் தடை என்றார்கள். அப்படி இல்லாமல் எங்கு பங்கு இருந்தாலும் தடை என்று விதி இருந்திருந்தால் கொடுப்பனவு போயிருக்கும். போனால் போனது காசு மட்டும். பொய்ப் பிரகடனம் வெளியே வந்தால் வேலையே போகலாம்.

சத்தியக் கடதாசியாகத்தான் வேண்டும் என்று கேட்கும் இடங்களும் உண்டு. அப்போது இதே வாசகத்தை, முஸ்லிமாகிய நான் “சத்தியம் செய்கிறேன்” என்பதற்குப் பதிலாக “உறுதிப்படுத்துகிறேன்” என்று எழுதி, சமாதான நீதவான் முன் அவர் பார்க்கக் கையெழுத்து வைக்கவேண்டும். வீட்டில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது.

சிலர் ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே நாளில் ஆறு பற்றுச்சீட்டு எழுதி வாங்குகிறார்கள். அதே பேனா, பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் 21 முதல் 26 வரை தொடர் இலக்கம். வேறு யாரும் அந்தப் புத்தகத்தில் காசு கொடுக்கவில்லையா என்று கேட்டால் பதில் இல்லை. மாதச் சீட்டு விடுபட்டுப் போயிருந்தால், “ஜனவரி முதல் ஜூன் வரை வாடகை கிடைத்தது” என்று மாதவாரியாகத் தொகை காட்டி, எழுதிய அன்றைய திகதியே போட்டு, ஒரே கடிதமாக வாங்குங்கள். அது சுத்தமாக இருக்கும்.

மாத்தயாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே அதே பற்றுச்சீட்டைச் சிங்களத்திலும் எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்கினோம், பிரதி ஒன்று அவருக்கு. ஜூலைச் சீட்டை அவரே எழுதிக் கொடுத்தார், முற்பண மீதி 35,000 என்று சரியாக.