கடைசிப் பிள்ளைக்கும் முதலாம் நிலை வந்தது எப்படி?

தவணைப் பரீட்சை முடிந்து முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வந்தால், உம்மாமாரும் வாப்பாமாரும் முதலில் தேடுவது "எத்தனையாம் பிள்ளை?" என்பதைத்தான். முன்பு அந்த நிலையை வகுப்பாசிரியர் புள்ளிப் பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பேனையால் போட்டார். இப்போது எக்செல் போட்டுத் தருகிறது. கணினி போட்டதென்றால் பிழைக்காது என்று நாமும் நம்பி விடுகிறோம்.

கணினி கணக்கில் பிழை விடுவதில்லைதான். ஆனால் எந்தக் கலத்தைப் பார்க்கும்படி சூத்திரம் சொல்கிறதோ, அதை மட்டுமே அது பார்க்கும். அண்மையில் எமக்குப் பார்க்கக் கிடைத்த ஒரு வகுப்பின் பட்டியலில், ஆகக் குறைந்த மொத்தப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு நேரே நிலை "1" என்று இருந்தது. அதே வகுப்பில் இன்னும் சிலருக்கும் "1". சூத்திரம் எழுதிய முதல் கலம் சரி. அதைக் கீழே இழுத்துக் கொப்பி பண்ணியபோதுதான் பிழை புகுந்திருந்தது. பட்டியல் செய்யும் ஆசிரியர்களுக்கும், அதைக் கையில் வாங்கும் பெற்றாருக்கும் பயன்படும் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

விளங்க இலகுவாக வகுப்பை ஆறு பிள்ளைகளாகச் சுருக்கி, புள்ளிகளையும் நாமே வைத்துக்கொள்வோம். 9 பாடம், மொத்தம் 900. அந்த 900 என்ற எண் H2 கலத்தில் இருக்கிறது. H3 இல் "மொத்தம்" என்ற தலைப்பு. அதற்குக் கீழே இடாப்பு ஒழுங்கில் பிள்ளைகளின் மொத்தப் புள்ளிகள்:

H4 – 612
H5 – 701
H6 – 548
H7 – 655
H8 – 590
H9 – 433

I நிரலில் நூற்றுவீதம், J நிரலில் நிலை வர வேண்டும்.

முதலில் நூற்றுவீதம். I4 இல் இப்படி எழுதுகிறோம்:

```
=H4/H2
```

612 ஐ 900 ஆல் வகுத்தால் 68%. சரி. அதைக் கீழே இழுக்கிறோம். அடுத்த பிள்ளைக்கு #VALUE! என்று வருகிறது. அதற்கடுத்த பிள்ளைக்கு 89.5%. 548 புள்ளி எடுத்த பிள்ளைக்கு 89.5% எப்படி வரும்? உண்மையில் வர வேண்டியது 60.9%.

காரணம் இதுதான். நாம் H2 என்று எழுதினாலும், எக்செல் அதை "எனக்கு இடப்பக்கத்து நிரலில், இரண்டு நிரை மேலே உள்ள கலம்" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. வீடு காட்டும்போது "எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு மேலே" என்று சொல்வது போல. சொல்பவர் நிற்கும் இடம் மாறினால், காட்டப்படும் வீடும் மாறும். I4 இலிருந்து இரண்டு நிரை மேலே H2. I5 இலிருந்து பார்த்தால் அது H3, அதாவது "மொத்தம்" என்ற எழுத்து. எழுத்தால் வகுக்க முடியாது, அதனால் #VALUE!. I6 இலிருந்து பார்த்தால் H4. ஆகவே 548 ஐ 900 ஆல் வகுப்பதற்குப் பதிலாக, முதலாவது பிள்ளையின் 612 ஆல் வகுத்துவிட்டது. இப்படி இடத்தோடு சேர்ந்து நகரும் முகவரியைச் சார்பு முகவரி என்கிறோம்.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். #VALUE! என்று கத்தும் பிழை ஆபத்தில்லாதது, யாரும் பார்த்தவுடன் திருத்துவார்கள். 89.5% என்று அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. அது ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் புள்ளி போலவே தெரியும்.

நிலை போடும் சூத்திரத்தில் இது இன்னும் மறைவாக நடக்கிறது. J4 இல் இப்படி எழுதுகிறோம்:

```
=RANK(H4,H4:H9)
```

"H4 இல் உள்ள புள்ளி, H4 முதல் H9 வரை உள்ளவற்றுள் எத்தனையாவது?" என்பது இதன் பொருள். விடை 3. சரியான விடை. 701 உம் 655 உம் மட்டுமே 612 ஐ விடக் கூட. சரி வந்துவிட்டதே என்று கீழே இழுக்கிறோம். சூத்திரங்கள் இப்படி மாறுகின்றன:

```
J5  =RANK(H5,H5:H10)
J6  =RANK(H6,H6:H11)
J7  =RANK(H7,H7:H12)
J8  =RANK(H8,H8:H13)
J9  =RANK(H9,H9:H14)
```

ஒவ்வொரு படி இறங்கும்போதும் மேலே ஒரு பிள்ளை போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. கீழே சேர்வது வெற்றுக் கலம், RANK அதைக் கணக்கில் எடுக்காது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் தனக்குக் கீழே பெயர் உள்ளவர்களோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது. விடையைப் பாருங்கள்:

612 – வந்தது 3, உண்மை 3
701 – வந்தது 1, உண்மை 1
548 – வந்தது 3, உண்மை 5
655 – வந்தது 1, உண்மை 2
590 – வந்தது 1, உண்மை 4
433 – வந்தது 1, உண்மை 6

கடைசி நிரையில் உள்ள பிள்ளைக்கு ஒப்பிட எவருமே இல்லை. அதனால் எத்தனை புள்ளி எடுத்தாலும் அதற்கு முதலாம் நிலைதான்.

இந்தப் பிழை ஏன் பல தவணைகள் பிடிபடாமல் போகலாம் என்பதற்கு மூன்று காரணம் உண்டு. ஒன்று, முதல் கலம் எப்போதும் சரியாக இருக்கும், நாம் வழமையாகச் சரிபார்ப்பதும் அதைத்தான். இரண்டாவது, பட்டியல் எந்த ஒழுங்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிழை கூடும் அல்லது குறையும். குறைந்த புள்ளியிலிருந்து கூடிய புள்ளிக்குப் பட்டியலை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தால், சூத்திரம் பிழையாக இருந்தும் எல்லா நிலையும் சரியாகவே வரும்! கூடிய புள்ளியிலிருந்து குறைந்ததற்கு வைத்தால் வகுப்பே "1" ஆகிவிடும்.

மூன்றாவது காரணம்தான் கவலைக்குரியது. கீழே வெற்றுக் கலங்கள் இருக்கும்வரை, இந்தப் பிழை எந்தப் பிள்ளையின் நிலையையும் குறைப்பதில்லை. ஒன்றில் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் உயர்த்திக் காட்டும். உயர்ந்த நிலை வந்ததற்கு எந்த வீட்டிலிருந்தும் முறைப்பாடு வராது. இழப்பவர்கள் யார்? உண்மையில் முதலாவதாக வந்த 701 புள்ளிப் பிள்ளை. தனக்கு மட்டும் உரிய இடத்தை இன்னும் மூன்று பேரோடு பங்கு போட வேண்டியதாகிறது. அடுத்தது, இடாப்பில் மேலே பெயர் உள்ள 612. தன்னை விடக் குறைந்த 590 முதலாம் பிள்ளையாகவும், தான் மூன்றாம் பிள்ளையாகவும் வீட்டுக்குப் போக வேண்டியதாகிறது. பரிசளிப்புப் பட்டியலும் இதே தாளிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

திருத்தம் சின்னது. நகரக் கூடாத முகவரிக்கு டொலர் குறி போட வேண்டும். இதைத் தனி முகவரி என்கிறோம்:

```
=H4/$H$2
=RANK(H4,$H$4:$H$9)
```

டொலருக்கும் காசுக்கும் இங்கே சம்பந்தமில்லை, அது ஓர் ஆணி போல. எழுத்துக்கு முன்னால் அடித்தால் நிரல் அசையாது. எண்ணுக்கு முன்னால் அடித்தால் நிரை அசையாது. இப்போது எத்தனை நிரை கீழே இழுத்தாலும் ஒப்பிடும் கூட்டம் மாறாது.

முதலில் உள்ள H4 க்கு மட்டும் ஆணி அடிக்கக் கூடாது. அது ஒவ்வொரு பிள்ளையின் சொந்தப் புள்ளி, நகரத்தான் வேண்டும். அதற்கும் டொலர் போட்டால் ஆறு பேருக்கும் "3" என்றே வரும். ஆகவே ஒவ்வொரு முகவரியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பிள்ளைக்குப் பிள்ளை மாற வேண்டியதா, எல்லாருக்கும் பொதுவானதா?

கையால் டொலர் போடுவது கஷ்டமென்றால், சூத்திரத்துக்குள் H4:H9 என்ற பகுதியை முழுதாகத் தெரிவுசெய்து F4 விசையை அழுத்துங்கள். சில லெப்டொப்களில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரும்பத் திரும்ப அழுத்தினால் $H$4, H$4, $H4, H4 என்று மாறிக்கொண்டு வரும். போனில் செய்பவர்கள் டொலரைக் கையாலேயே அடிக்கலாம். பகுதியை முழுதாகத் தெரிவுசெய்யாவிட்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆணி விழும். H4:$H$9 என்று வந்துவிட்டால் பழைய பிழை அப்படியே இருக்கும்.

பாடவாரியாகவும் நிலை போடுகிறவர்கள் சூத்திரத்தைப் பக்கவாட்டிலும் இழுப்பார்கள். அப்போது நிரலின் எழுத்து மாற வேண்டும், நிரையின் எண் மாறக் கூடாது. அதற்கு H$4:H$9 என்று எண்ணுக்கு மட்டும் டொலர் போட்டால் போதும்.

டொலர் போட்டாலும் ஓர் எல்லை உண்டு. இடையில் வந்து சேர்ந்த பிள்ளையை H10 இல், பட்டியலின் அடியில் எழுதினால் $H$4:$H$9 தானாக நீளும் என்று நம்ப முடியாது. நீளாவிட்டால் அந்தப் பிள்ளையின் புள்ளி கூட்டத்துக்குள் இல்லை, அதனால் #N/A என்று வரும். அதே புள்ளி இன்னொருவருக்கும் இருந்துவிட்டால் #N/A கூட வராது, பேசாமல் ஒரு நிலையைக் கொடுத்துவிடும். பட்டியலின் நடுவே புதிய நிரை ஒன்றைச் செருகி எழுதினால் சூத்திரம் தானாக நீண்டு கொள்ளும். போன வருடத்து 35 பேர் பட்டியலை இந்த வருடத்து 41 பேருக்குப் பாவிப்பவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அச்செடுக்க முன் செய்யக்கூடிய சோதனை இரண்டு. கடைசிப் பிள்ளையின் நிலைக் கலத்தில் வைத்து F2 அழுத்துங்கள். சூத்திரம் பார்க்கும் பகுதியைச் சுற்றி நிறப் பெட்டி தெரியும். அந்தப் பெட்டி முதலாவது பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை இருந்தால் சரி. கீழே வெற்று இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் பிழை. அடுத்து, வெறுமையான ஒரு கலத்தில் இதை எழுதுங்கள்:

```
=COUNTIF(J4:J9,1)
```

எத்தனை முதலாம் பிள்ளை என்று சொல்லும். ஒன்றுக்கு மேல் வந்தால், அவர்களின் மொத்தப் புள்ளி உண்மையிலேயே சமமா என்று பாருங்கள். சமமில்லை என்றால் ஆணி அடிக்க மறந்த தாள் அது.

பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. ஒரே வகுப்பில் வெவ்வேறு மொத்தப் புள்ளியோடு இரண்டு பிள்ளைகள் ஒரே நிலையில் இருந்தால், உங்கள் பிள்ளைக்கு இலாபமாக இருந்தாலும் வகுப்பாசிரியரிடம் பக்குவமாகக் கேளுங்கள். அவருக்கு அதைத் திருத்த ஐந்து நிமிடம் போதும்.