நிலாவுக்கு நான் போட்ட தப்புக் கணக்கு

கோடை விடுமுறையில் பேத்தி வந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிதான். போன வருடம் தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். எது வெள்ளி, எது வியாழன் என்று தினமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எட்டுப் பக்கத்தில் ஒரு வானக் கையேடு எழுதினேன். பாளையங்கோட்டை மாடியிலிருந்து வெறும் கண்ணால் பார்க்கக்கூடியவை மட்டும். நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

அதில் நிலாவைப் பற்றி ஒரு வரி. "வானத்தில் நிலாவின் அகலம் 0.52 பாகை, அதாவது 52 கலை."

பாகை என்றால் டிகிரி. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. நான் நில அளவையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன். எங்கள் பேச்சில் அது டிகிரி, மினிட், செகண்ட். பழைய தியோடலைட்டில் கண்ணை வைத்து இருபது செகண்ட் வரை படித்துக் குறித்தவன்தான், மேலே இருக்கிற வரியை எழுதினேன்.

கண்டுபிடித்தது பேத்தி. அதே கையேட்டில் இரண்டு பக்கம் தள்ளி, கையை முழுக்க நீட்டிச் சுண்டு விரலை நிமிர்த்தினால் அதன் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை என்று எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்கு விரல் சின்னது, கையும் சின்னது. அதனால் கணக்கு பெரிதாக மாறாது. அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். அவள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, விரலால் நிலாவை மறைத்துப் பார்த்தாள்.

"தாத்தா, 52 கலைன்னா விரல் அகலத்துக்குக் கிட்ட வரணும்லா? பாதிதான் இருக்கு."

விரலைச் சரியாகப் பிடி என்றேன். நானும் நீட்டிப் பார்த்தேன். எனக்கும் பாதிதான். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நடையில் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். கையேட்டை வாங்கி அந்த வரியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னவே, அஞ்சரை மணியை 5.5ன்னு எழுதினா, அது அஞ்சு மணி அம்பது நிமிஷமாவே?"

அவ்வளவுதான் விஷயம். புள்ளிக்குப் பிறகு வருவது நூறில் ஒரு பங்கு, கலையோ அறுபதில் ஒரு பங்கு. 0.52 என்றால் நூறில் 52 பங்கு பாகை, பாதிக்குச் சற்று அதிகம். அறுபது கலையில் பாதிக்குச் சற்று அதிகம் என்றால் 31 தானே வரும்? அதை அப்படியே 52 என்று எழுதினால், நிலாவை ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிட்டோம் என்று அர்த்தம்.

எனக்கு ஏன் இது உறைக்கவில்லை என்று யோசித்தேன். கருவியில் படித்ததெல்லாம் முதலிலேயே டிகிரி, மினிட், செகண்டாகப் பிரிந்துதான் இருந்தது. புள்ளி வைத்த டிகிரியைக் களத்தில் நான் பார்த்ததே இல்லை. நிலாவின் அளவை எடுத்த இடத்தில் அது புள்ளி வைத்து இருந்தது. பழகிய கை, இரண்டு இலக்கத்தைப் பார்த்ததும் மினிட் என்று எழுதிவிட்டது.

இந்த முறை யாரோ எழுதியதை எடுக்காமல் அடியிலிருந்து போட்டேன். நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். விட்டத்தைத் தூரத்தால் வகுத்தால் 0.009037. இதைப் பாகையாக்க 57.3 ஆல் பெருக்க வேண்டும். வருவது 0.5178 பாகை. இதை 60 ஆல் பெருக்கினால் 31.068. முழு எண்ணான 31 கலையை எடுத்து வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் 0.068 ஐ மட்டும் மறுபடி 60 ஆல் பெருக்கினால் 4. ஆக 31 கலை 4 விகலை.

வாத்தியாரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தாளைத் திருப்பி, என் பழைய 0.52 ஐ வைத்து அதே கணக்கைப் போட்டார். 31.2 வந்தது. அதாவது 31 கலை 12 விகலை.

"ஒரே நிலாவுக்கு எட்டு விகலை எங்கேருந்துவே கூடுச்சு?"

நிலாவிலிருந்து வரவில்லை, 0.5178 ஐ 0.52 என்று சுருக்கியதிலிருந்து வந்தது. பாகையில் நூறில் ஒரு பங்கு என்பதே 36 விகலை. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்த அளவை விகலை வரை பிரித்து எழுதினால், அந்த விகலைக்குப் பொருளே கிடையாது. பெருக்கல் தப்பில்லாமல் இருக்கும், விடை மட்டும் பொய் சொல்லும். வயலைச் சங்கிலியால் அளந்துவிட்டுப் பரப்பை மில்லிமீட்டர் கணக்கில் எழுதினால் எங்கள் தாசில்தார் என்ன சொல்லியிருப்பார்?

சரி, அப்படியானால் 0.5178 இலிருந்து வந்த 4 விகலையைக் கையேட்டில் போடலாமா? அதுவும் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. நிலாவின் பாதை சரியான வட்டமல்ல. மிக அருகே சுமார் 3,56,500 கிலோமீட்டரில் வரும்போது அதே கணக்குக்கு 33½ கலை வருகிறது. மிகத் தொலைவில் சுமார் 4,06,700 கிலோமீட்டரில் இருக்கும்போது 29½ கலைக்கும் கொஞ்சம் குறைவு. அருகிலிருந்து தொலைவுக்குப் போக இரண்டு வாரம் போதும். நான்கு கலை ஏறி இறங்கும் ஒன்றுக்கு நான்கு விகலை எழுதி என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. அந்தத் தூரமெல்லாம் பூமியின் நடுவிலிருந்து கணக்கிட்டது. நாம் நிற்பது மேற்பரப்பில். நிலா உதிக்கும்போது நமக்கும் அதற்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். அது தலைக்கு மேல் வரும்போது நாம் பூமியின் அரைவிட்டமான சுமார் 6,400 கிலோமீட்டர் அதற்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதனால் உச்சி நிலா, உதய நிலாவைவிட அரைக் கலை பெரிது. ஆனால் நம் கண்ணுக்குப் பனைமரத்துக்குப் பின்னால் எழும் நிலாதான் பெரிதாகத் தெரிகிறது! அது கண்ணின் மயக்கம். அப்போதும் சுண்டு விரலில் பாதிதான். நீட்டிப் பாருங்கள்.

நாற்பது பிரதிகளில் முப்பத்தேழு திரும்பக் கிடைத்தன. பழைய வரியைச் சிவப்பு மையால் அடித்து இப்படி எழுதினேன்: "நிலாவின் அகலம் ஏறக்குறைய அரைப் பாகை, சுமார் 31 கலை. மாதத்துக்குள் 29 முதல் 33 வரை மாறும். சுண்டு விரலில் பாதி." விகலை என்ற சொல்லையே எடுத்துவிட்டேன்.

மீதி மூன்று பிரதி எந்த வீட்டில் இருக்கிறதோ தெரியவில்லை. இதைப் படிக்கிற எங்கள் தெருக்காரர் யாரிடமாவது இருந்தால், மூன்றாம் பக்கத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விரலை நீட்டிப் பார்த்துவிடுவார்கள்.