கீழே ஒட்டியிருக்கும் முத்திரை

வெள்ளிமலையில் இருக்கும் மச்சான், சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நின்னு போன் பண்ணினான். "மாமா, ஒரு கேசினோ சைட்ல பதினெட்டாயிரம் ஜெயிச்சேன். எடுக்கணும்னா முதல்ல வரி கட்டுன்றான். ஆனா லைசென்ஸ் இருக்கு மாமா, கீழ முத்திரை போட்டிருக்கான்!"

ஸ்க்ரீன்ஷாட் வந்தது. குராசோ லைசென்ஸ், JAZ என்று முடியும் ஒரு நெம்பர். குராசோ என்பது வெனிசுவேலாவுக்குப் பக்கத்தில், நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட ஒரு குட்டித் தீவு. முன்பெல்லாம் அங்கே நாலு கம்பெனிகள் மூல லைசென்ஸை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டன. அந்த நெம்பர்கள்தான் JAZ. 2024 டிசம்பர் 24-ல் புதுச் சட்டம் வந்து உள்வாடகையை ஒழித்தது. இப்போது அந்த ஊர் ஆணையமே நேரடியாகத் தருகிறது. ஆகவே வெறும் JAZ நெம்பரை மட்டும் காட்டினால் அது இன்றைக்குச் செல்லாக்காசு.

"முத்திரையைத் தொட்டுப் பாருடா"ன்னேன். ஒண்ணும் திறக்கலை, வெறும் படம். அசலாக இருந்தால் ஆணையத்தின் சொந்த முகவரியில், அதாவது cga.cw என்று முடியும் தளத்தில், சான்றிதழ் திறக்கணும். திறந்தாலும் நம்பிடாதீங்க மக்களே. வேறொரு கம்பெனியின் அசல் சான்றிதழுக்கே இணைப்பு கொடுத்து வைக்கிற கில்லாடிகள் உண்டு. அதனால் சான்றிதழில் இருக்கும் தள முகவரியும் நாம் நிற்கிற முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பார்க்கணும். ஒரு கோடோ எண்ணோ கூடுதலாக இருந்தால் அது வேற சைட். விதிமுறைப் பக்கத்தில் போட்டிருக்கும் கம்பெனிப் பெயரும் பொருந்தணும். முத்திரையை விட்டுவிட்டு, ஆணையத்தின் தளத்தை நாமே டைப் செய்து பட்டியலில் தேடுவது இன்னும் உத்தமம்.

சரி, அசல்னே வச்சுக்குவோம். அந்த ஆணையம் என்ன செய்ய முடியும்? கம்பெனிக்கு அபராதம் போடலாம், லைசென்ஸை நிறுத்தலாம். கள்ளக்குறிச்சி பேங்க் கணக்குக்குப் பதினெட்டாயிரத்தை வசூல் பண்ணித் தராது. பிரிட்டன் ஆணையம்கூட தனிப்பட்ட ஆளுக்காகப் பணம் மீட்டுத் தருவதில்லை. இதுக்கு மேல, நம்ம மாநிலத்தின் 2022-ஆம் வருஷச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டமே தடை. ஆடியவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. குராசோ முத்திரை இங்கே கேடயம் ஆகாது.

மச்சானிடம் கேட்டேன், கட்டின பணம் எங்கே போச்சு? யாரோ ஒரு தனியாளின் யுபிஐ ஐடிக்கு! லைசென்ஸைவிடப் பெரிய தடயம் இதுதான். அந்த "வரி"யும் டுபாக்கூர். நிஜ வரின்னா ஜெயிச்ச பணத்திலேயே பிடிப்பாங்க, தனியா அனுப்பச் சொல்ல மாட்டாங்க.

"குராசோவுக்கு மெயில் போடவா மாமா?"

"1930-க்கு போன் போடு. யுபிஐ நெம்பரையும் நேரத்தையும் சொல்லு. பணம் அடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள சொன்னாத்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு."

ரெண்டாயிரம் கட்டியிருந்தான். ஜெயிச்ச பதினெட்டாயிரம் திரையில் மட்டும்தான் இருந்தது.