அடங்கலில் என் பெயர்

டெல்லியில் வீட்டை வாடகைக்கு விடும் எவரிடமும் 11 மாத ஒப்பந்தம் ஒன்று இருக்கும். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும், குடியிருப்பவர் வேர்விட்டுவிடுவார் என்ற பயமும் உண்டு. அதனால் 11 மாதம், பிறகு புதுப்பிப்பு. மயூர் விகாரில் எங்கள் மாடிப் பகுதியை இப்படித்தான் வருஷக்கணக்கில் விட்டுவந்தோம். அப்பா காலமான பிறகு, நீடாமங்கலம் பக்கம் கோரையாற்றுப் பாசனத்தில் இருந்த 9 மா நஞ்சையும் எனக்கும் அக்காவுக்கும் வந்தபோது, அதே புத்தியை அங்கேயும் கொண்டுபோனேன். நீதிமன்ற வாசலில் டைப் அடித்துக் கொடுப்பவரிடம் வீட்டு ஒப்பந்தத்தையே கொடுத்து, ‘வீடு’ என்ற இடத்தில் ‘விளைநிலம்’ என்று மாற்றி, முத்திரைத்தாளில் அடித்துக்கொண்டேன்.

மன்னார்குடி வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “சார், இது லாஜ்பத் நகர்ல செல்லும். இங்க 1955-லேயே சட்டம் போட்டுட்டாங்க” என்றார்.

அவர் சொன்னது தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். அடுத்தவர் நிலத்தில் தன் உழைப்பையோ குடும்பத்தார் உழைப்பையோ போட்டுக் குத்தகைக்குப் பயிர் செய்பவர் அந்தச் சட்டப்படி குத்தகைதாரர். ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும், நடைமுறையிலிருந்து புரிந்துகொள்ளக்கூடியதாக இருந்தாலும் போதும். கெடு முடிந்தது என்று அவரை வெளியேற்ற முடியாது. குத்தகை பாக்கி, நிலத்தைக் கெடுத்தல், விவசாயம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்துதல், உரிமையாளரின் உரிமையையே மறுத்தல் போன்ற காரணம் வேண்டும். அதையும் வருவாய் நீதிமன்றத்தில் சொல்லித்தான் உத்தரவு வாங்க வேண்டும். பாக்கி என்று போனால்கூட, கட்டுவதற்கு அவகாசம் கொடுப்பார்கள்.

இதைக் கேட்டதும் வக்கீல் சொன்னதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்தேன். காகிதமே வேண்டாம், எதிலும் உழுகிறவர் பெயர் வரக் கூடாது என்று தீர்மானித்தேன். அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தில் உழுதுவந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். மாவுக்கு 2 மூட்டை, 60 கிலோ மூட்டை, சம்பா ஒருபோகம். ஆக வருஷத்துக்கு 18 மூட்டை. நெல்லை டெல்லிக்கா கொண்டுவர முடியும்? வியாபாரி எடுக்கிற விலையில் பணமாக அனுப்பிவிடுவார். பட்டாவில் அப்பா பெயரை நீக்கி வாரிசுச் சான்று கொடுத்து எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கினேன். கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் எழுதும் அடங்கலில் ‘சாகுபடி செய்பவர்’ என்ற இடத்திலும் என் பெயரே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மயூர் விகாரில் உட்கார்ந்திருந்தவன் நீடாமங்கலத்தில் நாற்று நட்டதாக அரசாங்கக் கணக்கு சொல்லியது.

அடங்கலை வெறும் பதிவேடு என்று நினைத்திருந்தேன். பயிர் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு ரூபாயும் அதன் வழியாகத்தான் போகிறது என்பது 2021-இல்தான் விளங்கியது. அந்த ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டா முழுக்க அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. எங்கள் வயலில் கதிர் தண்ணீரில் கிடந்தே முளைவிட்டது. அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 9 மா என்பது 3 ஏக்கர், ஏறக்குறைய 1.2 ஹெக்டேர். பயனாளிப் பட்டியலை அடங்கலைப் பார்த்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட 24,000 ரூபாய் டெல்லியில் என் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. அந்த வருஷக் குத்தகை 18 மூட்டைக்கு, 900 ரூபாய் வீதம், 16,200 ரூபாயைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். விளையாத நெல்லுக்கு, விளைவித்தவனின் நிவாரணத்திலிருந்து குத்தகை வாங்கினேன். அவர் போனில், “சரி தம்பி, வந்துருச்சு” என்றார், அவ்வளவுதான். கணக்கு சரியாக இருப்பதாகவே அன்றைக்கு எனக்குத் தோன்றியது. கணக்காளராக வேலை பார்த்தவனுக்கு வரும் வியாதி அது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவரோடு திண்ணையில் உட்கார்ந்து அவருடைய கணக்கைப் போட்டேன். சாதாரண வருஷத்தில் 3 ஏக்கரில் 90 மூட்டை விளையும். அத்தனையையும் களத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறார். ஐந்து நிமிஷ நடையில் நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2020-21இல் அங்கே சாதாரண ரகத்துக்கு, மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவிண்டால் 1,918 ரூபாய். 60 கிலோ மூட்டைக்கு 1,150 ரூபாய் வருகிறது. வியாபாரி கொடுத்ததோ 900. ஏன் அங்கே போடவில்லை என்றால், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம் மூன்றையும் கேட்கிறார்கள், அடங்கலில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் இருந்தது வங்கிப் புத்தகம் மட்டும். என் பெயரில் போட்டால் பணம் டெல்லிக்கு வரும். நிவாரணத்தில் நான் என்ன செய்தேன் என்பதைப் பார்த்த பிறகு அந்த யோசனையே அவருக்கு வந்திருக்காது.

மூட்டைக்கு 250 ரூபாய், 90 மூட்டைக்கு 22,500 ரூபாய். ஒரு விளைச்சலில் வியாபாரியிடம் அவர் விட்ட பணம் எனக்குக் கொடுத்த மொத்தக் குத்தகையைவிட அதிகம். என் 18 மூட்டையும் அதே மட்டமான விலையில்தான் பணமாயிற்று என்பதால் நானும் வருஷத்துக்கு 4,500 ரூபாய் இழந்திருக்கிறேன். பயிர்க்கடனும் அவருக்குக் கூட்டுறவு சங்கத்தில் கிடைக்கவில்லை. நெல் வியாபாரியிடமே முன்பணம் வாங்கியிருந்தார், அதனால் விலை பேசவும் முடியாது. பயிர்க் காப்பீடும் இல்லை. பி.எம். கிசான் 6,000 ரூபாய் எங்கள் இருவருக்குமே கிடையாது: நான் வருமான வரி கட்டுபவன், அவருக்கு நிலம் இல்லை.

இதற்கெல்லாம் ஈடாக எனக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன என்று வக்கீலிடமே திரும்பப் போய்க் கேட்டேன். “அவர் வழக்கு போட்டா நிரூபிக்கக் கொஞ்சம் சிரமப்படுவார். அவ்வளவுதான்” என்றார். ஊரில் யாரைக் கேட்டாலும் யார் உழுகிறார் என்று சொல்வார்கள். வருஷாவருஷம் அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு வரும் பணமே சாட்சி. அவருடைய உரிமை பிறப்பது உழைப்பிலிருந்து. அடங்கல் அதைக் காட்டும் கண்ணாடி, நான் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன்.

நான் மட்டும் இப்படி என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் யமுனைப் படுகையில் கீரையும் முள்ளங்கியும் போடுகிறவர்களில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். குத்தகையை எழுதிக்கொடுக்க உரிமையாளர்களுக்கு இருக்கும் பயத்தைப் போக்கத்தான் நிதி ஆயோக் 2016-இல் மாதிரி நிலக் குத்தகைச் சட்டம் ஒன்றை வெளியிட்டது. குத்தகையை எழுதிக்கொள்ளலாம், உரிமையாளரின் உரிமைக்கு ஆபத்து வராது, குத்தகைதாரருக்குக் கடனும் காப்பீடும் கிடைக்கும் என்பது அதன் சாரம். ஆந்திரா 2019-இல் சாகுபடியாளருக்கு 11 மாத அட்டை கொடுக்கும் சட்டம் போட்டது. நான் டைப் அடித்துக்கொண்ட அதே 11 மாதம், ஆனால் அங்கே சட்டமே அதை ஏற்கிறது. அதற்கும் உரிமையாளர் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்தைப் போடத் தயங்குகிறவர்கள் அங்கேயும் ஏராளம். தமிழ்நாட்டில் பழைய சட்டமே நிற்கிறது. அதனால் இருக்கிற சட்டத்துக்குள் என்ன செய்யலாம் என்று பார்த்தோம்.

முதலில் நானும் அக்காவும் பேசி முடிவெடுக்க வேண்டியிருந்தது, நிலத்தை விற்போமா இல்லையா என்று. பதிவில் குத்தகைதாரர் உள்ள நிலத்துக்கு விலை குறைவு, விற்கும்போது அவருக்கும் ஒரு பங்கு கொடுத்து முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விற்கிற எண்ணம் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அக்கா, “இப்போதைக்கு இல்லை” என்றாள். அது போதுமாக இருந்தது.

கிராம நிர்வாக அலுவலர் என்னிடம் கேட்டது ஒரு சம்மதக் கடிதம்தான். நிலத்தை இன்னார் குத்தகைக்குப் பயிர் செய்கிறார், அடங்கலில் அவர் பெயரை எழுத ஆட்சேபணை இல்லை என்று எழுதி, சர்வே எண், பரப்பு போட்டு இருவரும் கையெழுத்திட்டோம். கழித்துக்கொண்ட 16,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதை வியாபாரியின் முன்பணத்தில் கட்டினார். குத்தகை அதே 18 மூட்டைதான், ஆனால் அந்த வருஷக் கொள்முதல் நிலைய விலையில், அதுவும் அவர் கணக்கில் பணம் ஏறிய பிறகு. சட்டம் நியாயக் குத்தகையாக வைத்திருப்பது விளைச்சலில் நாலில் ஒரு பங்கு. 90-க்கு 18 என்பது அதற்குள் அடங்கும். 2024-25இல் சாதாரண ரகம் குவிண்டால் 2,405 ரூபாய்க்குப் போனது, என் பங்கு 26,000 ரூபாயை ஒட்டி வந்தது. இது விவசாய வருமானம் என்பதால் இதற்கு வரி இல்லை. ஆனாலும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிடும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

காப்பீட்டுக்கு, காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம் அவர் பங்கு. சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவோடு கெடு முடிந்துவிடும், அதற்குள் அடங்கல் கையில் இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்ததும் நான் போன் செய்து நினைவூட்டுகிறேன், டெல்லியிலிருந்து செய்யக்கூடிய விவசாய வேலை அது ஒன்றுதான். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: விளைச்சல் இழப்பைக் காப்பீடு வயலுக்கு வயல் பார்ப்பதில்லை. அந்த வருவாய்க் கிராமத்தில் சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து சராசரி எடுக்கிறார்கள். ஊர் முழுக்க விளைந்து, வடிகால் தூர்ந்து நம் வயல் மட்டும் மூழ்கினால், அப்போதைய விதிப்படி ஒன்றும் வராது. ஆகையால் அந்த நஷ்டத்தை நாங்களே பிரித்துக்கொள்வதென்று எழுதினோம்: பாதிக்குக் கீழே விளைந்தால் குத்தகையும் பாதி. வடிகால் வெட்டும் கூலி என்னுடையது.

ஒன்று மட்டும் முடியவில்லை. அடங்கல் வேறு, 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாசில்தார் வைத்திருக்கும் குத்தகை உரிமைப் பதிவேடு வேறு. அடங்கல் பசலிக்குப் பசலி மாறும், இது நிலைக்கும். “நீங்க சரின்னா மனு குடுக்கிறேன் தம்பி” என்று போன தை மாதம் அண்ணன் கேட்டார். என் அனுமதியில்லாமலே அவர் மனு கொடுக்கலாம், விசாரணைக்கு எனக்கு நோட்டீஸ் மட்டும் வரும். அது அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் சரி என்று சொல்லத் தயார். அக்காவின் மகனுக்கு நொய்டாவில் வீடு வாங்க முன்பணம் தேவைப்படுகிறது, பங்குனி வரைக்கும் பொறுக்கச் சொல் என்கிறாள்.