வட்டி மட்டும் கட்டும் சங்கிலி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்காரியிடம் உடனே பதில் எதிர்பார்ப்பது உன் தப்பு. வீட்டில் மூன்று பழம் பழுத்து நிற்கிறது, கையில் எண்ணெய் தடவியபடியே பாதி நாள் போகிறது. சிதம்பரத்துக்குக் குடிபோய் நீ தப்பித்துவிட்டாய்.

நகையை வங்கியில் வைக்கப் போகிறாய், மாசாமாசம் வட்டி கட்டுவதா, வருடக் கடைசியில் அசலும் வட்டியுமாக மொத்தமாகக் கட்டுவதா என்று கேட்டிருந்தாயே, அதற்கு என் நாத்தனார் கதையைச் சொன்னாலே போதும். அவளிடம் மட்டும் மூச்சுவிடாதே. என்னை உரித்துவிடுவாள்.

2021 ஏப்ரலில் அவள் நாலு பவுன் சங்கிலியை வைத்து ஒரு லட்சம் வாங்கினாள். மகன் படிப்புக்கு. வட்டி நூற்றுக்கு வருடத்துக்கு ஒன்பது, மாதம் 750 ரூபாய். முந்திரி உடைக்கிற வேலைதான் அவளுக்கு. கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். ஆனாலும் ஒரு மாதம் தவறியதில்லை. "கடன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல அண்ணி, 750 ரூவா பால் பாக்கி மாதிரி" என்பாள். வருடம் முடிந்ததும் வங்கிக்குப் போய் மாற்றி வைத்துவிட்டு வருவாள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்ப்பார். எடை போட்டுப் பழையபடி கவருக்குள் வைத்து முத்திரை. இவள் நாலு கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் பூ வாங்கிக்கொண்டு வருவாள். ஏதோ நேர்த்திக்கடன் முடித்த மாதிரி.

2025 ஏப்ரலில் போனபோது கிளையில், "வட்டி மட்டும் பத்தாதும்மா, அசலையும் கட்டி மூடணும். நாளைக்கு வந்து புதுசா வெச்சுக்கலாம்" என்றார்கள். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க இதே கூப்பாடுதான், உனக்கும் நினைவிருக்கும். 2024 செப்டம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. நகைக்கடன் கொடுப்பதில் குளறுபடி நடக்கிறது, சரிபாருங்கள் என்று. அதற்குப் பிறகு பல வங்கிகள் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றி வைப்பதை நிறுத்திவிட்டன.

ஒரு லட்சத்துக்கு அவள் எங்கே போவாள்? ஒரு நாள் பணம் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான். நூற்றுக்கு ஒரு ரூபாய், ஒரே ராத்திரிக்கு. ஆயிரம் ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 99,000 கொடுத்தான். குறைந்த ஆயிரத்தை நான்தான் போட்டேன் (இன்னும் வரவில்லை, அது வேறு கதை). மறுநாள் மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து இன்னொரு ஐந்நூறு. ஆக, அந்த வருடம் அவளுடைய ஒன்பது வட்டி பத்தரை ஆகிவிட்டது. ரசீதில் ஒன்பது என்றுதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து அதற்கப்புறம். நாலு வருடத்தில் தங்கம் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கவுண்டரில், "இதே நகைக்கு இன்னும் கூடக் கிடைக்கும், எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்கள். இவள் ஒன்றரை லட்சமாக வாங்கிக்கொண்டாள். யோசித்துப் பார்: நாலு வருடத்தில் வட்டியாக 36,000 கட்டியிருக்கிறாள். கடன் ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம். மாத வட்டி 1,125. "விலை ஏறினதால தப்பிச்சேன் அண்ணி" என்கிறாள்!

இப்போது நீ கேட்ட கணக்குக்கு வருகிறேன். உட்கார்ந்து போட்டேன், என் பேரனின் கால்குலேட்டரில்.

ஒரு லட்சம், ஒன்பது வட்டி. மாதாமாதம் கட்டினால் வருடத்துக்கு 9,000. மொத்தமாகக் கடைசியில் கட்டினால் இரண்டு வழி உண்டு. தனி வட்டி என்றால் அதே 9,000. மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடுகிறார்கள் என்றால் 9,381. உடனே, "அப்போ மாசாமாசம் கட்டறதே லாபம், 381 மிச்சம்" என்று தோன்றும். லாபமில்லை. அந்த 750 ரூபாய் பதினோரு மாதமும், பத்து மாதமும், ஒன்பது மாதமுமாக உன் கையில் இருந்ததற்கான வாடகைதான் 381. மாதாமாதம் கட்டுகிறவள் அந்தப் பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். வங்கி தனி வட்டி போட்டால் கதை திரும்பும். அந்த 750-ஐ மாதாமாதம் ஆறு சதவீத தொடர்வைப்பில் போட்டுக்கொண்டே வந்தால் வருடக் கடைசியில் உனக்குத்தான் ஒரு 250 ரூபாய் மிஞ்சும்.

ஆக இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, லட்சத்துக்கு வருடம் முந்நூறு நானூறு ரூபாய்ப் பேச்சு. இதற்காகவா நீ ராத்திரி தூங்காமல் இருந்தாய்!

பணம் ஒழுகுவது வேறு இடத்தில். என் நாத்தனார் மாதம் 750-க்குப் பதில் 2,500 கட்டியிருந்தால், வட்டி போக மீதி அசலில் கழிந்து, அடுத்த மாதம் வட்டியும் குறைந்து, 48-வது மாதம் ஒரு சில்லறைத் தவணையோடு சங்கிலி வீட்டுக்கு வந்திருக்கும். அதாவது 2025 ஏப்ரலில், ஒரு நாள் பணத்துக்கு அவள் அலைந்தாளே, அதே மாதம். மொத்த வட்டி 19,300 சொச்சம். அவள் கட்டியது 36,000, சங்கிலி இன்னும் கவருக்குள். மாதம் 2,500 அவளுக்குக் கஷ்டம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முந்திரி சீசனில் நாலு மாதம் கூடுதலாகக் கையில் வரும்போது அசலில் ஐந்தாயிரம் போட்டிருக்கலாம். நகைக்கடனில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால், கட்டிய நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி நிற்க வேண்டும். உன் கிளையில் அப்படித்தானா என்று வைக்கும்போதே கேட்டுக்கொள். கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மொத்தமாகக் கட்டும் திட்டத்தை நம்பி ஏமாந்த ஆளும் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். மூன்றாவது வீட்டு அக்கா. வங்கியில் கூட்டம் என்று ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போனாள். அங்கே பலகையில் "மாதம் ஒரு ரூபாய் வட்டி". உள்ளே சின்ன எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? முப்பது நாளுக்குள் வட்டி கட்டினால்தான் ஒரு ரூபாய். தாண்டினால் ஒன்றரை. மூன்று மாதம் தாண்டினால் இரண்டு, அதுவும் முதல் நாளிலிருந்து. வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம் என்று இருந்துவிட்டாள். லட்சத்துக்கு 12,000 என்று நினைத்துப் போனவளிடம் 24,000 கேட்டார்கள். அங்கே மாதாமாதம் கட்டுவதும் மொத்தமாகக் கட்டுவதும் ஒரே வட்டியில்லை, இரண்டு வேறு கடன். வட்டி விகிதம் என்ன என்று மட்டும் கேட்டால் போதாது; "ஒரு வருஷம் ஒண்ணுமே கட்டாம வந்தா கையில எவ்வளவு கொண்டு வரணும்?" என்று ரூபாயில் கேள். இப்போது கடன் கொடுக்கும்போதே முக்கிய விவரச் சீட்டு ஒன்று தர வேண்டும். கட்டணமெல்லாம் சேர்த்து வருட வட்டி இவ்வளவு என்று அதில் இருக்கும். நகைக்கடனுக்கு அதைத் தமிழிலேயே கேட்கலாம். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று, நீ கேட்காதது. கையில் வரும் தொகை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதி போட்டது. ஏப்ரலில் அதன் வரைவு வந்தபோது நம்மூர்ப் பக்கமெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி, முதலமைச்சர் வரைக்கும் கடிதம் எழுதி, அதன் பிறகு வந்த விதி. இந்த 2026 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் கட்டாயம். இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் நூற்றுக்கு 85 கொடுக்கலாம். ஆனால் மொத்தமாகக் கட்டும் கடன் என்றால், வருடக் கடைசியில் வரப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் அந்த 85. உன் நகை 1,60,000 பெறும் என்று வை. மாதாமாதம் வட்டி கட்டுவதாகச் சொன்னால் 1,36,000 வரை கையில் வரும். மொத்தமாகக் கட்டுவதாகச் சொன்னால் 1,24,000 சொச்சம்தான். அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பதினோராயிரத்துச் சொச்சத்துக்காகவே மாத வட்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள். முழுசாக 85-ம் வாங்கிவிட்டுத் தங்கம் கொஞ்சம் சரிந்தால், மாற்றி வைக்கும்போது இடிக்கிற தொகையைக் கையிலிருந்து வைக்க வேண்டிவரும் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை.

அதே விதியில், வாராக்கடன் ஆகாமல், மதிப்புக்குள் கடன் இருந்தால், நாம் எழுதிக் கேட்டால் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறது. மொத்தமாகக் கட்டும் கடனாக இருந்தால் அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுத்தான் புதுப்பிக்க முடியும். போன மாதம் நாத்தனார் போனாள். ஒரு நாள் பணம் தேவைப்படவில்லை, வட்டிப் பாக்கி இல்லை, கையெழுத்துப் போட்டாள், பூ வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அசல் கேட்டு அலையவிட்ட வருடத்திலாவது கடன் இவ்வளவு என்று அவளுக்கு உறைத்தது.

உன் விஷயத்துக்கு வா. உன் வீட்டுக்காரருக்கு மாதச் சம்பளம். கையில் பணம் நின்றால் நீ பட்டு எடுத்துவிடுவாய், எனக்குத் தெரியாதா? அதனால் மாதாமாதமே கட்டு, ஆனால் வட்டியோடு அசலும் சேர்த்து, மூவாயிரமோ நாலாயிரமோ. தேவைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதே. உன் தம்பிக்கு நெல் அறுத்தால்தான் பணம். அவனுக்கு மாத வட்டி சரிப்படாது. மூன்று மாதம் தொடர்ந்து தவறினாலே கடன் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அவன் வங்கியில் தனி வட்டியா என்று கேட்டுக்கொண்டு மொத்தமாகக் கட்டுவதையே எடுக்கட்டும், அறுவடைக்குப் பிறகு தவணை முடிகிற மாதிரி பார்த்து வைக்கட்டும்.

நகையை வைக்கும்போது எடைச்சீட்டைப் பார்த்து வாங்கு. கல் எடையைக் கழித்து நிகர எடை தனியாக எழுதியிருக்க வேண்டும். உன் பதக்கத்தில் கல் அதிகம். அதை வைக்காமல் வளையலை வை. கல்லுக்கு ஒரு காசு மதிப்புப் போட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உன் அண்ணன் இந்தப் பக்கம் வருகிறானாமே. ஒரு பழத்தை அறுத்துச் சுளையாகக் கொடுத்தனுப்புகிறேன். கொட்டையை எறிந்துவிடாதே, சாம்பாருக்கு ஆகும்.

உன் பழைய கூட்டாளி,
பண்ருட்டியிலிருந்து