பெயரை மாற்றினாலும் பொருந்தும் பேச்சு

பணி நிறைவு பாராட்டு விழாவின் ஒழுங்கு நமக்கெல்லாம் மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, மாலை, பொன்னாடை, அடுத்தடுத்து வாழ்த்துரைகள், சட்டமிட்ட வாழ்த்து மடல், நினைவுப் பரிசு, கடைசியில் ஓய்வு பெறுகிறவரின் ஏற்புரை. வாழ்த்த எழுந்தவர் மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் அவருக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விடும். மீதிப் பாதியில் ஏணி வரும், மெழுகுவத்தி வரும், 'தன்னலமற்ற தொண்டு' வரும், 'ஆயிரக்கணக்கான மாணவர்களின் வாழ்வில் ஒளியேற்றியவர்' என்பதும் தவறாமல் வரும். பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேறொருவர் ஓய்வு பெறும்போது, பெயரை மட்டும் மாற்றி இதையே அங்கும் பேசலாம். இன்னொருவருக்கும் அப்படியே பொருந்துகிற பேச்சு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பாராட்டு ஆகாது என்பது என் கட்சி. பலரும் நினைப்பதுபோல அன்பு உருக்கத்தில் இல்லை, விவரத்தில்தான் இருக்கிறது. ஒருவரை இத்தனை நாள் கவனித்திருக்கிறோம் என்பதற்கு விவரத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. யாரை எப்போது புகழலாம் என்று வகுத்துச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டு. நண்பரை அவர் இல்லாத இடத்தில் புகழலாம், ஆசிரியரை எங்கே வேண்டுமானாலும் புகழலாம், வேலை செய்கிறவரை வேலை முடிந்த பிறகு புகழவேண்டும் என்பது அதன் கணக்கு. ஓய்வு பெறும் நாளில் ஆசிரியர் இரண்டு கணக்கிலும் வருகிறார். ஆசான் என்ற முறையில் புகழ் எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்திருக்கும். அன்றைக்குக் கூடுதலாகச் சேரவேண்டியது வேலை முடித்தவருக்கான புகழ். வேலையைப் புகழ வேலை என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். உ.வே.சாமிநாதையர் இதற்கு நல்ல சான்று. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். ஐயர் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் அந்த ஆசிரியர் நம் கண்முன் நடமாடுவதற்குக் காரணம் ஐயரின் பக்தி மட்டும் அல்ல. பிள்ளை செய்யுளை மனத்திலேயே அமைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதியது, கையில் பணம் நில்லாமல் அவர் கடன்பட்டுத் தவித்தது என்று எல்லாம் நூலில் இருக்கின்றன. 'மதம் பாராதவர்' என்று எந்த ஆசிரியரையும் சொல்லிவிடலாம். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் புதுச்சேரிச் சவராயலு நாயகரும் அவரிடம் பாடம் கேட்டார்கள் என்று சொன்னால் அது பிள்ளைக்கு மட்டுமே உரியது. முதல் வாக்கியம் கைதட்டலோடு முடிந்துவிடும், இரண்டாவதை நம்பலாம்.

மகாவித்துவானுக்கு அது சரி, நம் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சரைப் பற்றிச் சொல்ல அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஓர் எடுத்துக்காட்டாகவே அவரை எடுத்துக்கொள்வோம். 31 ஆண்டுப் பணி, மூன்று பள்ளிகள், கடைசி 18 ஆண்டு இந்தப் பள்ளியில். ஆண்டுக்கு 40 பேர் என்றால் இங்கே மட்டும் 720 பிள்ளைகள் அவரிடம் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்திருப்பார்கள். இந்த எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. எண் வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே போனால் என்ன தெரியும்? பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். தேற வேண்டியது 35. இயற்கணிதம் பிடிபடாத பிள்ளையும் கவராயம் பிடிக்கப் பழகி, ஒத்த முக்கோணத்தையும் வட்டத்துக்குத் தொடுகோட்டையும் தடுமாறாமல் வரைந்து, வரைபடத்தாளில் அளவுத்திட்டத்தைச் சரியாக எடுத்துவிட்டால் 16 மதிப்பெண் கையில் வந்துவிடும். 'மெல்லக் கற்போர்' என்று தனிப் பட்டியலில் எழுதப்படும் பிள்ளைகளை முதலில் இந்த இரண்டில் உட்காரவைப்பது கணக்கு ஆசிரியர்கள் அறிந்த வழி. நம் டீச்சர் மாலை வகுப்பில் அதைத்தான் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதோடு விடவில்லை. தொடுகோடு வரைந்து முடித்த பிள்ளையிடம் ஆரத்துக்கும் தொடுகோட்டுக்கும் நடுவே கோணமானியை வைத்துப் பார்க்கச் சொல்வார், 90 பாகை ஏன் வருகிறது என்று கேட்பார். மதிப்பெண்ணுக்காக வந்த பிள்ளை கணக்குக்குள் கால் வைத்தது அந்தக் கேள்வியில். இதை நான்கு வாக்கியங்களில் மேடையில் சொல்லிவிடலாம். சொன்னால் மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கும் பழைய மாணவர் நிமிர்ந்து உட்காருவார். ஏணி என்றபோது அவர் நிமிரவில்லை.

இந்த விவரம் பேசுகிறவருக்கு எப்படிக் கிடைக்கும்? அலுவலகத்தில் இருக்கும் பணிப்பதிவேட்டில் சேர்ந்த நாள், மாறுதல், ஊதிய உயர்வு, விடுப்பு இவைதான் இருக்கும். தொடுகோடு இருக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும், கேட்கிற விதமும் முக்கியம். 'டீச்சர் எப்படி?' என்று கேட்டால் 'ரொம்ப நல்லவங்க' என்ற பதில்தான் வரும். 'தப்பாகப் போட்ட கணக்கை டீச்சர் எப்படித் திருத்துவாங்க?' என்று கேட்டால் ஒரு மாணவி நினைவுகூர்ந்து சொல்வாள்: விடையின்மேல் பெருக்கல் குறி போடமாட்டார், தவறு தொடங்கிய வரியில் சின்னக் கோடு இழுத்துவிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். வெவ்வேறு ஆண்டுகளில் படித்த இரண்டு பேர் ஒரே செய்தியைச் சொன்னால் அது வழக்கம். ஒருவர் மட்டும் சொன்னால் நிகழ்ச்சி. முன்பு வேலை பார்த்த இரண்டு பள்ளிகளுக்கும் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் 31 ஆண்டுப் பணியில் முதல் 13 ஆண்டு பேச்சில் காணாமல் போகும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் அதைக் கவனிப்பார்கள். சத்துணவு அமைப்பாளரையும் இரவுக் காவலரையும் கேட்பதில்லை என்ற வழக்கம் எனக்குப் புரிந்ததே இல்லை. டீச்சர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது தலைமையாசிரியரைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

விவரம் என்றதும் எல்லோரும் பாயும் இடம் தேர்ச்சி சதவீதம். நூறு சதவீதம் கொடுத்தவர் என்று சொல்வது எளிது, அச்சடித்த சான்றும் இருக்கும். ஆனால் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டும் அந்த எண்ணை எட்டலாம் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையையும் கழிக்காமல் 92 வாங்கிக் கொடுத்தவர் நூறு வாங்கியவரைவிடப் பெரிய வேலை செய்திருக்கக்கூடும். எண்ணைச் சொல்வதானால் அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், முடியாவிட்டால் விட்டுவிடலாம். விடவேண்டிய இன்னொன்று பிறருடைய வறுமை. தேர்வுக் கட்டணத்தை டீச்சர் தன் கையிலிருந்து கட்டிய பையன் இன்று நல்ல நிலைமைக்கு வந்து அதே மண்டபத்தில் மனைவியோடு உட்கார்ந்திருப்பான். அவன் பெயரைச் சொல்லி டீச்சரைப் புகழ்வது அவனைக் கூசவைக்கும். அவனாக எழுந்து சொன்னால் அழகு, மற்றபடி அது பேச்சாளரின் உரிமை அல்ல.

பிரம்பைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மேடைகளில் கைதட்டலும் சிரிப்பும் அதிகம் வாங்கும் பொருள் அதுதான். 'டீச்சர் அடித்த அடிதான் எங்களை ஆளாக்கியது' என்று பழைய மாணவர் ஒருவர் சொல்லாத விழா குறைவு. பிள்ளைகளை உடலாலோ மனத்தாலோ வதைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது, 2010 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருக்க, அடியை வரமாகப் பேசுவது அவர்களுக்குத் தப்பான பாடம். 'நன்றியோடுதானே சொல்கிறார், இதில் என்ன சட்டம்?' என்று கேட்கலாம். அந்த நன்றி உண்மையானது, மறுக்கவேண்டியதில்லை. ஆனால் எதற்கு நன்றி என்று இன்னும் கொஞ்சம் துருவினால், பள்ளிக்கு வராத மூன்றாம் நாள் தேடி வீட்டுக்கு ஆள் அனுப்பியது, வாய்ப்பாடு ஒப்பித்து முடிக்கும்வரை தானும் சாப்பிடப் போகாமல் நின்றது என்று வேறொன்று வரும். அதைச் சொன்னால் போதும், பிரம்பு தேவைப்படாது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு வேறு ஒன்று. விழா என்பது சடங்கு, திருமண வாழ்த்தில் யாரும் புதுமை தேடுவதில்லை, அதுபோல இங்கும் எல்லோருக்கும் சொல்வதையே சொல்வதுதான் மரியாதை, ஒருவருக்கு விவரமாகவும் இன்னொருவருக்குச் சுருக்கமாகவும் பேசினால் மனக்கசப்பு வரும் என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மாலைக்கும் பொன்னாடைக்கும் புதுமை வேண்டாம், அவை எல்லோருக்கும் ஒன்றுபோல இருப்பதே நியாயம். ஆனால் அந்தப் பொதுமரியாதையை அவை நிறைவாகவே செய்துவிடுகின்றன. பேச்சும் அதையே திரும்பச் செய்வதானால் பேச்சு எதற்கு? சொல்ல ஒன்றுமில்லாத சாதாரண ஆசிரியர் என்ன ஆவார் என்ற கவலைக்கும் பதில் உண்டு. பவணந்தியார் நன்னூலில் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் என்று சொன்னதோடு நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவருக்கும் நான்கு பெயர் வைத்தார். பஞ்சு அடைத்த குடுக்கையைப்போலச் சிறிது சிறிதாக வருத்திக் கொடுப்பவர் ஒருவர், போட்ட முறை ஒன்றும் வெளிவரும் முறை ஒன்றுமாகக் கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைப்போல இருப்பவர் ஒருவர். அவர் பார்த்தது ஆசிரியரின் புகழை அல்ல, பாடம் கைமாறுகிற விதத்தை. அந்தக் கண்ணோடு பார்த்தால், முன்னுக்குப் பின் குழப்பாமல் வரிசையாக 31 ஆண்டு பாடம் சொன்னவரைச் சாதாரணர் என்று தள்ள முடியாது.

மேடைப் பேச்சுக்கு ஐந்து நிமிடம் போதும். விளிப்பை ஒரே வரியில் முடித்துவிட்டால் தொடுகோட்டுக்கும் சின்னக் கோட்டுக்கும் இடம் தாராளமாக இருக்கும். மிச்சமிருக்கும் அரை நிமிடத்தில் நான் ஒன்று சேர்ப்பேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து தியாகராச செட்டியார் விலகியபோது, தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் இன்னொரு மாணவரான சாமிநாதையரைத் தம் இடத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். ஐயர் 1903 வரை அங்கே பாடம் சொன்னார். நம் கணக்கு டீச்சருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஜூன் மாதம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப்போவது யார் என்று அவருக்கே தெரியாமலிருக்கலாம், அந்த இடம் சில மாதம் காலியாகவே கிடக்கவும் கூடும். பாராட்டு விழா கோரிக்கை மேடை அல்ல என்று முணுமுணுப்பு எழும். ஆனாலும் மாவட்டக் கல்வி அலுவலர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார், டீச்சரின் மாலை வகுப்புப் பட்டியலில் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் என்று சொல்லி, ஜூனில் அவர்களுக்கு ஆசிரியர் வேண்டும் என்று ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியை ஏற்புரைக்கு விட்டுவிடலாம்.