பென்சில் செல்லா, உள்ளே வைத்த பேட்டரியா?

முன்பெல்லாம் வீட்டில் செல் போடுகிற சாமான் என்றால் டார்ச் லைட், டிரான்சிஸ்டர், சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். இப்போது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மட்டும் ஒயர் இல்லாத மவுஸ் ஒன்று, கீபோர்டு ஒன்று, பேரன் விளையாடும் கேம் கன்ட்ரோலர் இரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டிலும் ஒரு கீபோர்டும் மவுஸும் உண்டு. சிலவற்றில் பென்சில் செல் போட வேண்டும். சிலவற்றில் பேட்டரி உள்ளேயே இருக்கும், போன் மாதிரி ஒயர் குத்திச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எதை வாங்குவது என்று காலை நடைப் பயிற்சி நண்பர்கள் கேட்கிறார்கள். மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் மவுஸ். அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. சாதாரண அல்கலைன் பென்சில் செல் ஒன்று போட்டால் எங்கள் வீட்டில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடுகிறது. கீபோர்டு அதைவிடக் குறைவாகச் செலவழிக்கும். வருடத்துக்கு ஒரு செல் செலவாகும் இடத்தில் ரீசார்ஜ் செல்லும் சார்ஜரும் வாங்கினால், போட்ட பணம் திரும்பி வருவதற்குள் மவுஸே பழசாகிவிடும். எனவே மவுஸுக்கும் கீபோர்டுக்கும் நல்ல அல்கலைன் செல் போதும். வீட்டில் ஏற்கெனவே ரீசார்ஜ் செல் இருந்தால் அதைப் போடலாம், தவறில்லை.

கேம் கன்ட்ரோலர் கதை வேறு. அதனுள் அதிர்வு கொடுக்கும் சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. ஓயாமல் கேம் கன்சோலோடு பேசிக்கொண்டும் இருக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இரண்டு பென்சில் செல். பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரில் 1,560 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. பேரன் தினமும் இரண்டு மணி நேரம் விளையாடினால், எங்கள் வீட்டில் ஒரு ஜோடி ரீசார்ஜ் செல் பன்னிரண்டு நாள் வருகிறது. அந்தக் கணக்கில் வருடம் முழுக்க விளையாடுகிற வீட்டில் சாதாரண செல் போட்டால் ஏறக்குறைய அறுபது செல் குப்பைக்குப் போகும். ரீசார்ஜ் செல் நான்கு வாங்கினால், இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில். தீர்ந்ததும் மாற்றிப் போட ஒரு நிமிடம் ஆகாது. கரண்ட் போன நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம்.

ரீசார்ஜ் செல்லைப் போட்டதும் சிலர் பயந்துவிடுகிறார்கள். 'முழுசா சார்ஜ் ஏத்தினேன் தாத்தா, பாதிதான் காட்டுது' என்று பேரனும் கேட்டான். செல் கெட்டுப்போகவில்லை. அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக இறங்கும். ரீசார்ஜ் செல், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், பெரும்பாலான நேரம் 1.2 வோல்ட்டிலேயே நின்று, கடைசியில் பொசுக்கென்று விழும். அல்கலைனை மனதில் வைத்துச் செய்த மீட்டர் 1.2-ஐப் பார்த்ததும் பாதி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. மீட்டரை நம்பாமல், எத்தனை நாள் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே சரி.

நம் மாதிரி வீடுகளில் உண்மையான சோதனை விளையாட்டில் இல்லை, பீரோவில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மே மாதம் வருவார்கள், இருபது நாள் இருப்பார்கள், ஜூனில் பள்ளி திறந்ததும் போய்விடுவார்கள். கன்ட்ரோலர் அடுத்த மே வரை பீரோவில் கிடக்கும். இரண்டில் ஒன்று செல் போடுவது. அதன் செல்லை அவன் அப்பா கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் போனார். மற்றது பேட்டரி உள்ளே உள்ளது. பெட்டிக்குள் போகும்போதே அதில் சார்ஜ் தீர்ந்திருந்தது. பதினோரு மாதம் கழித்து எடுத்தால், செல் போட்டது உடனே வேலை செய்தது. மற்றதை ஒயரில் குத்தி ஒரு மணி நேரம் ஆகியும் விளக்கு எரியவில்லை. பிறகு உயிர் வந்தது, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. பேரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது நாள் விடுமுறையில் மூன்று நாள் அதற்கே போய்விட்டது.

காரணம் இதுதான். லித்தியம் பேட்டரி அடியோடு வற்றிக் கிடந்தால் உள்ளே கெடும். முழுசாக நிரம்பி வெயில் சூட்டில் கிடந்தாலும் கெடும். பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைப்பதே அதற்கு நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்ற வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் பரண் அதற்கு ஆகாது.

செல் போடும் சாமானுக்கும் ஒரு ஆபத்து உண்டு. அல்கலைன் செல்லை உள்ளேயே விட்டுவிட்டால் ஒழுகி, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும். பூத்ததைக் கையால் தொடாமல், பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து நன்றாகக் காய வைத்தால் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். ரீசார்ஜ் செல்லில் அந்தத் தொந்தரவு மிகக் குறைவு. ஆனால் பழைய ரகம் சும்மா கிடந்தாலே சில மாதத்தில் வற்றிவிடும். 2005-இல் சான்யோ கம்பெனி எனலூப் என்ற பெயரில் சார்ஜை நீண்ட நாள் தாங்கும் செல்லைக் கொண்டுவந்தது. இப்போது பல கம்பெனிகள் அந்த ரகத்தைச் செய்கின்றன. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொன்னாலும் அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது பேட்டரி உள்ளே இருக்கும் மவுஸும் கீபோர்டும்தான். அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். எங்கள் குடும்பத்துக் கதையைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருக்கிறார். எழுபத்தெட்டு வயது. விரல் முட்டிகள் வீங்கி, பின்பக்க மூடியை நெம்பித் திறக்க முடியாது. செல்லின் கூட்டல் கழித்தல் குறி கண்ணுக்குத் தெரியாது. செல் தீர்ந்தால், பக்கத்து வீட்டுப் பையன் கல்லூரியிலிருந்து வரும்வரை எழுத்து நின்றுவிடும். இப்போது ஒயரைக் குத்திவிட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். 'தம்பி, இதுதான்டா எனக்குச் சரி' என்றார். மவுஸ் வாங்கும்போது மட்டும் சார்ஜ் குத்தும் ஓட்டை முன்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆப்பிள் மவுஸில் அது அடியில் இருக்கும், சார்ஜ் ஏறும்போது பயன்படுத்த முடியாது.

உள்ளே உள்ள பேட்டரி நான்கைந்து வருடத்தில் சோர்ந்துபோவது இயல்பு. அப்போது மூடி இடைவெளி விட்டு உப்பினாலோ, மேஜையில் வைத்த மவுஸ் தள்ளாடினாலோ, சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்துங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் இந்த மாதிரி சாமான்களில் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். அந்த வடிவம் இங்கேயும் வந்தால், அக்காவுக்குக் குத்திக்கொள்ள ஒயரும் இருக்கும், ஐந்து வருடம் கழித்து நான் போய் மாற்றிக் கொடுக்க வழியும் இருக்கும்.

அதுவரை என் கணக்கு: மவுஸ், கீபோர்டுக்கு அல்கலைன் செல். விளையாடும் கன்ட்ரோலருக்கு ரீசார்ஜ் செல், ஜோடி மாறாமல் இருக்க நகப்பாலிஷில் புள்ளி வைத்து. விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு உள்ளே பேட்டரி உள்ளது.